டேஷ்போர்டு படம் வந்தால் முதலில் ஆர்பிஎம் முள்

வாட்ஸ்அப்பில் வந்த பெட்ரோல் கார் டேஷ்போர்டு படத்தில் ஏழெட்டு விளக்குகள் எரிகின்றனவா? ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். அது 0-வில் இருந்தால் எஞ்சின் ஓடவில்லை. சாவியைத் திருப்பியதும் எல்லாம் எரிவது இயல்பு.

முள் 800 பக்கம் நிற்க, சிவப்பு பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. ஏர்கானை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடலாம். வெப்ப முள்ளும் நடுவைத் தாண்டி ஏறியிருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட் அறுந்திருக்கலாம். பல கார்களில் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், ஹெட் கேஸ்கெட் போய்விடும். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் என்றால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து, தடுப்புக்கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி அருகிலுள்ள கார்ப்பேட்டைவரை இலவசமாக இழுத்துச்செல்லும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.