பென்சிலுக்கு முந்தைய விளையாட்டில் கை எங்கே தவறுகிறது

ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போகிறோம் என்றதும் பல வீடுகளில் ஒரு தட்டு தயாராகிவிடுகிறது. இரண்டு கிண்ணம், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை, அலமாரியில் கிடந்த புருவம் திருத்தும் ட்வீசர். மூன்று வயதுப் பிள்ளை கடலையை ஒவ்வொன்றாக எடுத்து மறு கிண்ணத்தில் போட வேண்டும். மாவு உருட்டுவது, மணி கோர்ப்பது போல, பென்சில் பிடிக்க விரலைப் பழக்கும் விளையாட்டு இது. பக்கத்தில் அம்மா எண்ணிக்கொண்டிருப்பார். இருபது கடலை மாறியதும் கைதட்டல்.

அந்த இருபதையும் எந்த விரல்கள் எப்படி எடுத்தன என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். விளையாட்டின் பயன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மாவு வாய்க்குப் போவது, தரையில் சிந்துவது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. கண்ணெதிரே நடந்தும் பிடிபடாத தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

விறைப்பான ட்வீசரைக் கொடுப்பது

திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறு இது. சரிசெய்ய அதிக நாள் எடுப்பதும் இதுதான்.

முதலில் உங்கள் கையிலேயே ஒன்றைப் பாருங்கள். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்தால் நடுவில் ஒரு வட்டம் வரும். தட்சிணாமூர்த்தி கையிலுள்ள சின்முத்திரை போல. நடுவிரலையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டால், கோலமாவை எடுக்கிற பிடி கிடைக்கும். இந்த வட்டம் திறந்திருக்கும்வரை மூன்று விரல்களும் முன்னும் பின்னும் அசைய முடியும். பென்சிலைக் கையை நகர்த்தாமல் விரலாலேயே ஓட்டுவதற்கு வேண்டியது இந்த அசைவு.

இப்போது பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் பிடியுங்கள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தட்டையாகப் படிகிறது, வட்டம் மூடிக்கொள்கிறது. இந்தச் சாவிப்பிடியில் பலம் அதிகம், பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் விரல் நுனிகள் அசைவதில்லை.

விறைப்பான ட்வீசரை மூட பலம் வேண்டும். மூன்று வயதுக் கையில், உள்ளங்கைக்குள்ளே இருக்கும் சின்னத் தசைகளுக்கு அந்த பலம் இன்னும் வரவில்லை. பிள்ளை என்ன செய்யும்? எடுக்கச் சொன்னதை எடுத்தாக வேண்டும், அதனால் பலம் இருக்கிற பிடிக்கு மாறிவிடும். சாவிப்பிடியில் இருபது கடலையும் மாறிவிடும். வேலை முடிந்தது என்று நமக்குத் தெரியும். நாம் பழக்க நினைத்த விரல்களுக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை என்பது தெரியாது. தினமும் பத்து நிமிடம், மூன்று மாதம் என்று இதைச் செய்யவைத்தால் உறுதிப்படுவது அந்த மூடிய பிடிதான்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலைக் குறுக்கே போட்டுப் பென்சில் பிடிக்கிற பலர் தெளிவாகவே எழுதுகிறார்கள். நான்கு விரலால் பிடிப்பதிலும் குற்றமில்லை. ஏழு வயதுப் பிள்ளை அப்படிப் பிடித்து, கை வலிக்காமல் எழுதினால் அதை மாற்றச் சண்டை போட வேண்டாம். நாம் பேசுவது, விரல் அசைவுக்கென்றே தேர்ந்தெடுத்த விளையாட்டில் அந்த அசைவே இல்லாமல் போவதைப் பற்றி.

கருவியைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதை உங்கள் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். சிரமமில்லாமல் நுனிகள் தொட்டால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். சுண்டுவிரல் நடுங்கினால் அது மூன்று வயதுக்கு ஆகாது. புருவம் திருத்தும் எஃகு ட்வீசர் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். துணி கிளிப்பிலும் பல அப்படித்தான், வில் தேய்ந்த பழைய கிளிப்தான் நமக்கு உதவும்.

மூன்று வயது இரண்டு மாதமான ஒரு பிள்ளையை வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம். ட்வீசரைக் கொடுத்தால் உடனே சாவிப்பிடி, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்குகிறது, முழங்கை விலகித் தூக்கிக்கொள்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கருவி கைக்கு மிஞ்சியது என்று பொருள்.

முதல் இரண்டு வாரம் ட்வீசரை எடுத்து வைத்துவிடுங்கள். சப்பாத்தி மாவில் சீடை அளவு உருண்டைகள் பத்து பிடித்துக் கொடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று விரல் நுனியால் நசுக்கித் தட்டையாக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து, மிருதுவான பிளாஸ்டிக் இடுக்கி, பத்து பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். எடுக்க வேண்டியது பஞ்சு உருண்டை அல்லது சதுரமாக வெட்டிய ஸ்பாஞ்ச். இவை வழுக்காது, லேசாகப் பிடித்தாலே நிற்கும். கடலை உருண்டு ஓடும், அதைப் பிடிக்கப் பிள்ளை கூடுதலாக அழுத்தும், பிடி மறுபடி மூடிக்கொள்ளும். விரல் வைக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால் வாயால் திருத்த வேண்டியிருக்காது. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் அந்த இரண்டும் மடங்கி ஓரமாக இருக்கும், வேலை மற்ற மூன்றுக்கும் போகும்.

மணிக்கட்டு இன்னும் உள்ளே மடங்கினால் தட்டை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, வேலையைச் செங்குத்தாக வையுங்கள். சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஓர் அட்டையை ஒட்டி, அதில் லேசாக ஒட்டிய பஞ்சை இடுக்கியால் பிய்த்தெடுக்கச் சொல்லுங்கள். சுவரில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகப் பின்புறம் நிமிரும். எழுதும்போது வேண்டிய நிலையும் அதுதான்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது? முதல் பஞ்சை எடுக்கும்போது எல்லாப் பிள்ளையும் அழகாகப் பிடிக்கும். பத்தாவது எடுக்கும்போதும் வட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறாவதிலேயே மூடினால் அன்றைக்கு ஐந்தோடு நிறுத்துங்கள். பத்தும் திறந்த வட்டத்தோடு நாலைந்து நாள் தொடர்ந்து வந்த பிறகு சற்றுச் சின்ன ட்வீசருக்குப் போகலாம். வேலை செய்யாத கையும் சேர்ந்து அசைவதும், நாக்கு வெளியே வருவதும் இந்த வயதில் இயல்பு, அவற்றைத் திருத்த வேண்டாம்.

களிமண்ணோடு அச்சையும் கொடுப்பது

அச்சும் உருளையும் சேர்ந்த டப்பா வாங்கினால் பிள்ளை உள்ளங்கையால் அழுத்துகிறது, அவ்வளவுதான். நட்சத்திரம் வரும், மீன் வரும், விரலுக்கு வேலை வராது. அச்சை எடுத்து வைத்துவிட்டு மூன்று வேலை கொடுங்கள்: உள்ளங்கைகளுக்கு நடுவே எலுமிச்சை அளவு உருட்டுவது, அதிலிருந்து விரல் நுனியால் கிள்ளி எடுப்பது, கிள்ளியதை மூன்று விரலுக்குள்ளேயே சீடை போல உருட்டுவது. மூன்றாவதுதான் கடினம். உள்ளங்கையைத் தொடாமல் உருட்ட நாலு வயதுப் பிள்ளையே திணறும், அதனால் முதலில் மேசையில் ஒற்றை விரலால் உருட்ட விடலாம்.

மாவின் பதமும் முக்கியம். கையில் ஒட்டும் மாவில் பிள்ளை விரலைப் பிரிப்பதிலேயே நேரத்தைக் கழிக்கும். காய்ந்து இறுகிய மாவில் மறுபடி முஷ்டிதான். காது மடல் போல அமுங்க வேண்டும். ஒரு கப் கோதுமை மாவுக்கு அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், சரியாக வரும். கெடாமலிருக்க அரை கப் உப்பு சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. எதையும் வாயில் வைக்கிற பிள்ளைக்கு அது வேண்டாம், அவ்வளவு உப்பு உள்ளே போனால் ஆபத்து. உப்பில்லாத மாவை அன்றன்றைக்குப் பிசைந்துகொள்ளுங்கள்.

துவளும் நூலைக் கொடுப்பது

மணி கோர்ப்பதில் பிள்ளை அழுது விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நூல்தான். நுனி ஓட்டைக்குள் போகும், மறுபக்கம் வெளிவராது. பிள்ளை கையை எடுக்கும், நூல் வழுக்கி வெளியே வந்துவிடும். முதலில் பைப் கிளீனர் கொடுங்கள், கம்பி உள்ளே இருப்பதால் அது நிமிர்ந்து நிற்கும். கூரான நுனியை மட்டும் மடக்கிவிடுங்கள். பிறகு ஷூ லேஸ். அதன் பிளாஸ்டிக் முனை குட்டையாக இருந்தால், நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு செலோ டேப் சுற்றி நீட்டுங்கள். முனை மணியின் அகலத்தைவிட நீளமாக இருந்தால்தான் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மறு நுனியில் முடிச்சு போடுவதைவிட ஒரு மணியையே கட்டிவிடுவது நல்லது.

இதில் பழக வேண்டியது கைகள் வேலையை மாற்றிக்கொள்வது: ஒரு கை மணியைப் பிடிக்க, மறு கை நுனியைத் தள்ளுகிறது. பிறகு மணி பிடித்த கை நுனியைப் பற்ற, தள்ளிய கை மணிக்கு வருகிறது. உதவுகிறோம் என்று நாம் மணியைப் பிடித்துக்கொண்டால் இந்த மாற்றம் நடக்கவே நடக்காது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் லேஸின் தொங்கும் பகுதியைப் பிடியுங்கள்.

"சிவப்பு, நீலம், சிவப்பு" என்று வரிசை கேட்பது

கை இன்னும் பழகாதபோது கேட்காதீர்கள்.

இடது கையைத் தட்டிவிடுவது

வேண்டாம்.

சின்னப் பொருளோடு தனியே விடுவது

சிறு பொருள்களைச் சோதிக்கும் பாதுகாப்பு உருளையின் விட்டம் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர். அதற்குள் போகிற எதுவும் மூன்று வயதுக்குள் தொண்டையை அடைக்கக்கூடியது. கொண்டைக்கடலை, வேர்க்கடலை, சட்டைப் பட்டன் எல்லாம் இதில் அடங்கும். கடலை மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறிப் பருக்கும். காந்த மணிகள் எந்த வயதிலும் இந்த விளையாட்டுக்கு வேண்டாம்.

விரல் தேறியதும் எழுத்து வந்துவிடும் என்று நினைப்பது

இடுக்கியில் தேர்ந்த பிள்ளை அ எழுதத் திணறுவதைப் பார்த்துப் பெற்றோர் குழம்புகிறார்கள். விரல் வேறு, கோட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் திரும்பப் போடுவது வேறு. நாம் போட்டதைப் பார்த்து நிமிர்ந்த கோடு போடுவது சுமார் இரண்டு வயதில் வரும், வட்டம் மூன்றில், கூட்டல் குறி நாலில், சதுரம் அதற்குப் பிறகு. கூட்டல் குறியே வராத கைக்கு அ மிகவும் சிக்கலான எழுத்து. அதில் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாக வருகின்றன. நேர்கோடுகளாலான ட, ப இரண்டிலும் தொடங்கலாம். விஜயதசமியில் அரிசித் தட்டில் விரலால் எழுதவைக்கிறோமே, அந்தத் தட்டை மறுநாளும் எடுத்து வையுங்கள். பென்சில் இல்லாமல் கோட்டின் போக்கை மட்டும் பழக அது வசதி.

சிலவற்றை வீட்டு விளையாட்டோடு நிறுத்தக் கூடாது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்குவது, நாலு வயதிலும் பெரிய மணியைக் கோர்க்க முடியாமலிருப்பது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது. இவற்றில் எது இருந்தாலும் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டுவதாக இருந்தால், உங்கள் மாவட்டத்தின் டி.இ.ஐ.சி. மையம் எங்கே என்று விசாரியுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே அமைந்த மையம் அது. போகும்போது பிள்ளை வீட்டில் வழக்கமாக விளையாடும் இடுக்கியையும் மணியையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில் புதிய பொருளைத் தொட மறுக்கும் பிள்ளையும், தன் பொருளைக் கண்டால் கையை நீட்டும்.