முப்பதாயிரமும் இருபத்திரண்டாயிரமும்

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகள், டர்பன் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சுங்க அனுமதி நிறுவனத்தில் எழுத்தர். சம்பள உயர்வு கேட்கப் போவதற்கு முன்தினம் என்னிடம் வந்து, "மாமா, இதே வேலைக்கு வெளியே 30,000 ராண்ட் தருகிறார்கள், எனக்கு 22,000தான்" என்றாள். சம்பளப் பட்டியல் போட்டே வயதானவன் நான். "சம்பளச் சீட்டை எடு" என்றேன்.

இங்கே அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வேலை விளம்பரங்களில் வரும் தொகை பெரும்பாலும் 'காஸ்ட் டு கம்பெனி', அதாவது உங்களுக்காக முதலாளி செலவிடும் மொத்தத் தொகை. அவள் சொன்ன 22,000 அடிப்படைச் சம்பளம் மட்டும். அதற்கு மேல் நிறுவனம் மாதந்தோறும் சேமநிதிக்கு 2,200, மெடிக்கல் எய்டுக்கு 1,600 கட்டுகிறது. டிசம்பரில் கிடைக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,833. (இதைத் தர வேண்டும் என்று சட்டம் இல்லை, வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.) எல்லாம் சேர்த்து 27,633. எட்டாயிரம் என்று அவள் நினைத்த இடைவெளி உண்மையில் 2,367தான். எட்டாயிரம் கேட்டிருந்தால், கணக்குத் தெரிந்த மேலாளர் ஒரே நிமிடத்தில் பேச்சை முடித்திருப்பார்.

அந்த 2,367ஐ அப்படியே கேட்பதும் பிசகு. அடிப்படைச் சம்பளம் ஏறினால் பத்து சதவீதச் சேமநிதியும் டிசம்பர் தொகையும் கூடவே ஏறும். ஆகவே அடிப்படையில் 2,000 கேட்டாலே இடைவெளி அடைபட்டுவிடும்.

அந்த 30,000 எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் அவள் கையில் இருந்தது ஜோகன்னஸ்பர்க் விளம்பரம் ஒன்றுதான். அந்த ஊர்ச் சம்பளம் டர்பனுக்குப் பொருந்தாது. டர்பனில் அதே அனுபவம் கேட்கும் ஐந்து விளம்பரங்களைத் தேடி, தொகைகளை ஏறுவரிசையில் வைத்து நடுவில் இருப்பதை எடுத்தோம். அதுவும் 30,000 என்று வந்தது தற்செயல்.

சாதனைப் பட்டியலில் "கடுமையாக உழைத்தேன், குழுவோடு இணைந்து செயல்பட்டேன்" என்று எழுதியிருந்தாள். அதை நீக்கச் சொன்னேன். பழைய மின்னஞ்சல்களைத் துழாவியபோது, ஒரு சரக்கின் வரிக்குறியீடு தவறாக இருந்ததைத் தாக்கல் செய்யும் முன்பே அவள் கண்டுபிடித்தது அகப்பட்டது. அப்படியே போயிருந்தால் திருத்தப் பத்திரம், தாமதம், சரக்குப் பெட்டி துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம். தேதி, பெட்டி எண், தவிர்த்த நாட்கள் என்று ஒரே வரியில் எழுதினாள். இப்படி ஆறு வரிகள் தேறின. அதில் இரண்டு வேறொருவரும் பங்கெடுத்தவை. தன் பங்கு எது என்று பிரித்து எழுதச் சொன்னேன். மேலாளர் அந்த இன்னொருவரிடம் விசாரிக்காமலா இருப்பார்?

காலமும் ஒன்று உண்டு. அவள் நிறுவனம் பிப்ரவரியோடு ஆண்டுக்கணக்கை முடிக்கிறது. மார்ச்சில் கேட்டால் வரவுசெலவுத் திட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அவள் நவம்பரில் கேட்டாள். 1,500 கிடைத்தது, மீதி 500ஐப் பற்றி ஜூனில் பேசலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டாள்.