சர்வீஸை எந்தப் பக்கம் அடிப்பது?

டென்னிஸில் எதிராளியின் பேக்ஹேண்ட் பலவீனம் என்பதற்காக எப்போதும் அங்கேயே சர்வ் செய்யாதீர்கள். ஓர் உதாரணக் கணக்கு: அவர் பேக்ஹேண்டை எதிர்பார்த்து நின்றால் அங்கு அடிப்பதில் 60%, ஃபோர்ஹேண்டுக்கு அடிப்பதில் 90% புள்ளிகள் உங்களுக்கு. ஃபோர்ஹேண்டை எதிர்பார்த்தால் முறையே 80%, 50%.

எப்போதும் பேக்ஹேண்டுக்கே அடித்தால் அவர் அங்கேயே காத்திருப்பார், கிடைப்பது 60%தான். மூன்றில் இரண்டு பங்கு பேக்ஹேண்டுக்கும் மீதி ஃபோர்ஹேண்டுக்கும் கலந்து அடித்தால், அவர் எதை எதிர்பார்த்தாலும் 70%.

ஆனால் 'இரண்டு அங்கே, ஒன்று இங்கே' என்று வரிசையாக அடித்தால் கண்டுபிடித்துவிடுவார். கைக்கடிகாரத்தின் விநாடி 40க்குக் கீழே இருந்தால் பேக்ஹேண்ட், இல்லையெனில் ஃபோர்ஹேண்ட் என முடிவு செய்யுங்கள். ஆட்டம் நெடுக ஒரு பக்கம் தெளிவாக அதிகப் புள்ளி தந்தால், அந்தப் பக்கத்தின் பங்கைக் கூட்டுங்கள்.