சார்ஜ்பேக்குக்குப் பிறகு முடங்கிய விளம்பரக் கணக்கு: மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளம்பரத்துக்காகப் பிடிக்கப்பட்ட பணத்தை "இது நான் செய்ததில்லை" என்று வங்கியில் புகார் கொடுத்துத் திரும்பப் பெற்றால், அதாவது சார்ஜ்பேக் செய்தால், விளம்பரக் கணக்கு முடங்க வாய்ப்பு மிக அதிகம். புகார் கொடுத்ததற்குப் பழிவாங்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வேறு. திருடிய கார்டு எண்ணை வைத்து விளம்பரம் ஓட்டுகிறவர்கள் நிறைய. கார்டின் சொந்தக்காரர் பில்லைப் பார்த்ததும் வங்கிக்குப் போய் "எனக்குத் தெரியாமல் பிடித்துவிட்டார்கள்" என்பார். நீங்கள் அவசரத்தில் கொடுத்த புகாரும் விளம்பர நிறுவனத்துக்கு அதே வடிவத்தில்தான் போய்ச் சேருகிறது. அவர்கள் பார்வையில் உங்கள் கணக்கு இப்போது திருட்டு கார்டில் ஓடிய கணக்கு.

மீட்பு வேலை முழுவதும் இந்த ஒரு சந்தேகத்தை நீக்குவதுதான். கார்டின் சொந்தக்காரரும் விளம்பரம் கொடுத்தவரும் ஒருவரே, அல்லது ஒருவருக்கொருவர் தெரிந்து சம்மதித்தவர்கள் என்று காட்ட வேண்டும். பணமும் தீர்ந்திருக்க வேண்டும். "எங்கள் வியாபாரம் பாதிக்கப்படுகிறது", "இத்தனை வருட வாடிக்கையாளர் நாங்கள்" என்பதெல்லாம் நியாயமான வருத்தம்தான், ஆனால் பரிசீலிப்பவர் கேட்கும் கேள்விக்கு அவை பதில் ஆகாது.

சிக்கல் எப்படித் தொடங்குகிறது

ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூகுள் ஆட்ஸில் தினசரி பட்ஜெட் 1,000 வைத்திருக்கிறார்கள். பில்லிங் வரம்பு 5,000. அதாவது செலவு 5,000 ஆனதும் கார்டில் பணம் பிடிக்கப்படும். மீதி இருந்தால் மாதத் தொடக்கத்தில் பிடிக்கப்படும். தினசரி பட்ஜெட் 1,000 என்றாலும் பரபரப்பான ஒரு நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை செலவாகலாம். மொத்த மாதத்துக்குப் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டிக் கட்டணம் வராது என்பதுதான் விதி. ஆக, வேகமாக ஓடிய வாரத்தில் 3ஆம் தேதி ஒரு 5,000, 6ஆம் தேதி இன்னொரு 5,000 என்று பிடிப்பது சாதாரணம்.

பட்ஜெட் வைத்தவருக்கு இது தெரியும். வங்கி அறிக்கையைப் பார்க்கும் கணக்காளருக்குத் தெரியாது. ஒரே தொகை, ஒரே வாரம், இரண்டு முறை. தப்பாகப் பிடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி வங்கியின் செயலியில் தகராறு பதிவு செய்கிறார். காரணம் கேட்கும் இடத்தில் முதலில் இருப்பது "நான் செய்யாத பரிவர்த்தனை". அதையே தட்டிவிடுகிறார்.

அந்த ஒரு தட்டல்தான் பிரச்சினையின் கனத்தைத் தீர்மானிக்கிறது. வங்கி இதை மோசடி வகையில் பதிகிறது. விசாவில் இது பெரும்பாலும் 10.4 என்ற காரணக் குறியீட்டிலும், மாஸ்டர்கார்டில் 4837 என்ற குறியீட்டிலும் வரும். அந்தக் குறியீடு விளம்பர நிறுவனத்துக்கும் தெரியும். மோசடி என்று சொன்னதால் வங்கி அந்தக் கார்டையே முடக்கி, வேறு எண்ணில் புதிய கார்டு அனுப்பும். அப்போது அதுவரை ஓடிய 3,200க்கான அடுத்த கட்டணமும் தோல்வி அடைகிறது. இப்போது கணக்கின் பரிவர்த்தனைப் பக்கத்தில் திருப்பப்பட்ட 10,000, கட்டப்படாத 3,200, ஆக 13,200 நிலுவை என்று நிற்கிறது. கணக்கும் முடங்கியிருக்கிறது.

இங்கே நடந்த முதல் தவறு அவசரம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. முதலில் விளம்பர நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் கேட்டுவிட்டு, பதில் சரியில்லை என்றால் வங்கிக்குப் போக நேரம் இருக்கிறது. வங்கி அறிக்கையில் இருக்கும் வரியைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். கூகுள் ஆட்ஸ் கட்டணங்களில் `GOOGLE*ADS` என்பதோடு கணக்கின் எண்ணும், மெட்டா கட்டணங்களில் `FACEBK` என்பதோடு ஒரு குறிப்பு எண்ணும் வரும். அதை விளம்பரக் கணக்கின் பில்லிங் பக்கத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டணம் எதற்கு என்று தெரிந்துவிடும்.

பணத்தைத் தவறான வழியில் தீர்ப்பது

முடக்க அறிவிப்பைப் பார்த்ததும் பலர் செய்வது, புதிய கார்டைச் சேர்த்து 3,200ஐ மட்டும் கட்டிவிட்டு மேல்முறையீடு எழுதுவது. திருப்பப்பட்ட 10,000 அப்படியே நிற்பதால் அது நிராகரிக்கப்படும். வேறு சிலர் மொத்தம் 13,200ஐயும் கட்டிவிட்டு வங்கியில் கொடுத்த புகாரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதில் இரண்டு ஆபத்து. விளம்பர நிறுவனம் ஆதாரம் காட்டி வங்கியில் அந்தத் தகராறை வென்றால், உங்கள் கார்டில் தற்காலிகமாக வரவு வைத்த 10,000ஐ வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரே செலவுக்கு இருமுறை கட்டியிருப்பீர்கள். அதைவிட முக்கியம், "இது மோசடி" என்ற உங்கள் சொல் வங்கியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது இருக்கும் வரை சந்தேகமும் இருக்கும்.

முறையான வழி, வங்கியைத் தொடர்புகொண்டு தகராறைத் திரும்பப் பெறுவது. வாய்மொழியாக "சரி, எடுத்துவிட்டோம்" என்று சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் தகராறின் குறிப்பு எண், இரண்டு பரிவர்த்தனைகளின் தேதியும் தொகையும், கார்டின் கடைசி 4 எண்கள், அட்டைதாரரே தகராறைத் திரும்பப் பெற்றார் என்ற வாசகம், தற்காலிக வரவு திருப்பி எடுக்கப்பட்டது என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஏஆர்என் எனப்படும் 23 இலக்க எண் உண்டு. கேட்டால் பல வங்கிகள் தரும். அது இருந்தால் எதிர்ப்பக்கத்தில் அந்தப் பணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது.

அப்புறம் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். உங்கள் கார்டில் வரவு திரும்பிப் போன அன்றே விளம்பரக் கணக்கில் 10,000 நிலுவை மறையாது. அது வங்கிகள் வழியாகப் போய்ச் சேர நாள் பிடிக்கும். அதற்குள் பொறுமை இழந்து அதே 10,000ஐக் கையால் கட்டிவிடாதீர்கள். கடிதத்தைக் காட்டி எந்த வழியில் தீர்க்க வேண்டும் என்று பில்லிங் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். தகராறு ஏற்கெனவே முடிந்துவிட்டது, இனித் திரும்பப் பெற முடியாது என்று வங்கி சொல்லும் நிலையும் வரும். அப்போதுதான் 13,200ஐயும் நேரடியாகக் கட்டுவது சரியான வழி. அந்தச் சூழலில், திரும்பப் பெற இயலாது என்று வங்கி சொன்னதையும் எழுத்தில் வாங்கி இணைத்துவிடுங்கள்.

பரிசீலிப்பவர் என்ன பார்க்கிறார்

முதலில் உரையாடலில் வரும் சப்போர்ட் ஊழியருக்குப் பெரும்பாலும் முடக்கத்தை நீக்கும் அதிகாரம் கிடையாது. கணக்கைத் திறப்பதா என்று முடிவு செய்வது வேறு குழு. அவர்கள் உங்களோடு பேசுவதில்லை. பதிவுகளையும் நீங்கள் அனுப்பிய படிவத்தையும் மட்டும் பார்க்கிறார்கள்.

நிலுவைக்கு அடுத்து அவர்கள் பார்ப்பது பெயர்கள். கார்டில் ஒரு பெயர், பணம் செலுத்தும் சுயவிவரத்தில் இன்னொரு பெயர், விளம்பரம் போய்ச் சேரும் இணையதளத்தில் மூன்றாவது பெயர் என்று இருந்தால், இவற்றுக்கு இடையே என்ன உறவு என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். உரிமையாளரின் சொந்தக் கார்டில் நிறுவனத்தின் விளம்பரம் ஓடினால், நிறுவனப் பதிவு ஆவணத்தில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தை இணைக்கலாம். கார்டின் படம் கேட்டால் பெயரும் கடைசி 4 எண்களும் மட்டும் தெரியட்டும். நடு எண்களையும் பின்புறத்து பாதுகாப்பு எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

இந்தச் சமயத்தில் நண்பரின் கார்டைச் சேர்ப்பது மிக மோசமான யோசனை. திருட்டு கார்டு என்ற சந்தேகத்தில் முடங்கிய கணக்கில், சம்பந்தமில்லாத பெயரில் இன்னொரு கார்டு! வங்கி அனுப்பிய மாற்றுக் கார்டு வரும்வரை காத்திருந்து, அதே பெயர், அதே முகவரியோடு சேர்ப்பதே நல்லது.

புதிய கணக்கு தொடங்கிவிடலாம் என்ற ஆசையும் வரும். கூகுளின் கொள்கையில் இது அமைப்பைச் சுற்றிக் கடக்கும் முயற்சி என்ற தனிக் குற்றம். புதிய கணக்கும் முடங்கும். அதோடு பழைய கணக்கின் பிரச்சினை வெறும் பணத் தகராறாக இருந்தது, இப்போது கொள்கை மீறலும் சேர்ந்து கனமாகிவிடும். "உள்ளே ஆள் இருக்கிறது, மீட்டுத் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் இதே கதிதான். அறிமுகமில்லாத இடத்திலிருந்து உள்நுழைவு நடந்ததும் சந்தேகம் இரட்டிப்பாகும்.

மேல்முறையீட்டில் முன்னுக்குப் பின் முரண்

வங்கியிடம் "நான் செய்யவில்லை", விளம்பர நிறுவனத்திடம் "தொழில்நுட்பக் கோளாறு", அடுத்த மேல்முறையீட்டில் "கார்டு தொலைந்தது". இப்படி எழுதியவரின் கணக்கைத் திறக்க எனக்கே மனம் வராது. வங்கியில் பதிந்த காரணம் அவர்கள் கண்முன் இருக்கிறது. அதை மறைக்காமல், ஏன் தவறானது என்று விளக்குவதே ஒரே வழி. நம் உதாரணத்தில் மேல்முறையீடு இந்த அளவு இருந்தால் போதும்:

"3ஆம், 6ஆம் தேதிகளில் பிடிக்கப்பட்ட இரண்டு 5,000 கட்டணங்களும் எங்கள் விளம்பரங்களுக்கானவை. பில்லிங் வரம்பு பற்றி அறியாத எங்கள் கணக்காளர், ஒரே கட்டணம் இருமுறை வந்ததாக எண்ணி, அனுமதியற்ற பரிவர்த்தனை என்று வங்கியில் பதிவு செய்தார். அந்தத் தகராறைத் திரும்பப் பெற்றுவிட்டோம். வங்கிக் கடிதம் இணைப்பில் உள்ளது. மீதி 3,200ஐ அதே அட்டைதாரரின் மாற்றுக் கார்டில் செலுத்திவிட்டோம். அட்டைதாரர் நிறுவன உரிமையாளர். பதிவு ஆவணம் இணைப்பில் உள்ளது."

இதை அனுப்பியபின் பதில் வரும்வரை இன்னொன்று அனுப்பாதீர்கள். நிராகரித்தால் அதையே திரும்ப ஒட்டுவதில் பயனில்லை. புதிய ஆவணம் ஏதாவது கையில் வந்த பிறகே அடுத்தது.

உண்மையிலேயே மோசடி என்றால்

மேலே சொன்னது எல்லாம் கட்டணம் உங்களுடையதாக இருக்கும்போது. உங்கள் கணக்குக்குள் வேறு யாரோ நுழைந்து விளம்பரம் ஓட்டியிருந்தால் கதை வேறு. அப்போது தகராறைத் திரும்பப் பெறக் கூடாது. கணக்கு வேண்டும் என்பதற்காக "நாங்கள்தான் செய்தோம்" என்று எழுதினால், பணத்தையும் இழப்பீர்கள், உங்களுக்கு இருந்த ஒரே நல்ல ஆதாரத்தையும் இழப்பீர்கள்.

இந்த வகையில் ஆதாரம் கணக்கின் மாற்ற வரலாற்றில் இருக்கிறது. யார் எந்த நேரத்தில் புதிய பயனரைச் சேர்த்தார், பட்ஜெட் எப்போது தாவியது, விளம்பரம் எந்த அந்நிய இணையதளத்துக்குப் போனது என்பது வரிசையாகத் தெரியும். கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். தெரியாத பயனர்களை நீக்குவதற்கு முன் அவர்களின் மின்னஞ்சல் முகவரியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்நிய விளம்பரங்களை அழிக்காமல் நிறுத்தி மட்டும் வையுங்கள். பிறகு சாதாரண மேல்முறையீட்டுக்குப் பதிலாக, கணக்கு களவுபோனதைத் தெரிவிப்பதற்கென்று இருக்கும் படிவத்தில் எழுதுங்கள். உங்களுடைய கட்டணங்கள் எவை, அந்நியருடையவை எவை என்று தேதியோடு பிரித்துக் காட்டுங்கள். உங்கள் பங்கு 3,200 என்றால் அதைக் கட்டத் தயார் என்றும் அதிலேயே சொல்லிவிடலாம்.