நண்பரின் சக ஊழியரிடம் ரெஃபரல் கேட்பது எப்படி: மறுக்கவும் வழி வைத்து எழுதும் ஒரு செய்தி

சென்ற ஆண்டு ஒரு வேலைக்கு ரெஃபரல், அதாவது அந்த நிறுவன ஊழியரின் பரிந்துரை, கேட்டு நண்பனின் சக ஊழியர் ஒருவருக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி பதினேழு வரி நீளம். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து நண்பன் விஷயத்தைச் சொன்னான். அந்த மேடம் என்ன பதில் சொல்வது என்று புரியாமல், அவனுடைய போனைக்கூட எடுக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு வேலை கிடைக்காததைவிட, அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒரு சங்கடத்தை உண்டாக்கியதுதான் உறுத்தியது. அடுத்த முறை வேறு மாதிரி எழுதினேன், அன்று இரவே பதில் வந்தது. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

என் நிலவரம் இது. சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் நான்கு ஆண்டு அனுபவம். நண்பனுடன் முன்பு ஒரே குழுவில் இருந்த ஒருவர், நான் சேர விரும்பிய நிறுவனத்தில் இப்போது வேலை செய்கிறார். எனக்கும் அவருக்கும் நேரடிப் பழக்கம் கிடையாது.

படி 1: விண்ணப்பிக்காமல் காத்திருங்கள்

வேலை அறிவிப்பைப் பார்த்ததும் நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, பிறகு ரெஃபரல் கேட்பவர்கள் அதிகம். பல நிறுவனங்களில் அது செல்லாது. உங்கள் மின்னஞ்சல் முகவரி அவர்களுடைய அமைப்பில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், ஊழியர் பரிந்துரைக்கும்போது 'இவர் ஏற்கெனவே விண்ணப்பித்தவர்' என்று படிவம் நின்றுவிடும். ஆகவே அறிவிப்பில் உள்ள வேலை எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'உங்கள் கம்பெனியில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்டால், தேடும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

படி 2: முதலில் நண்பரிடம் கேளுங்கள்

அவருடைய கைபேசி எண்ணை வாங்கி நேராகச் செய்தி அனுப்பாதீர்கள். நண்பர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். நான் நண்பனுக்கு எழுதியது இவ்வளவுதான்: 'அவரிடம் ரெஃபரல் கேட்கலாம் என்று நினைக்கிறேன். நான் செய்தி அனுப்பினால் பரவாயில்லையா என்று மட்டும் கேட்டுச் சொல். உனக்குச் சரிப்படவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லிவிடு.' நண்பருக்கும் அவருக்கும் இடையில் நமக்குத் தெரியாத மனவருத்தம் இருக்கலாம். அந்தக் கதவையும் திறந்துவைக்க வேண்டும்.

படி 3: செய்தி

நான் அனுப்பியதை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> வணக்கம் மேடம். நான் (என் பெயர்), (நண்பன் பெயர்) உங்களிடம் சொல்லியிருப்பார். உங்கள் நிறுவனத்தில் டெஸ்டிங் இன்ஜினியர் பணியிடம் ஒன்று வந்திருக்கிறது, வேலை எண் (…). எனக்கு நான்கு ஆண்டு அனுபவம். கடைசி இரண்டு ஆண்டும் செலினியம், ஜாவாவில்தான். இந்தப் பணியிடத்துக்கு என்னைப் பரிந்துரைக்க இயலுமா? 'சரி' என்றால் தேவையான விவரங்களை உடனே அனுப்புகிறேன். இயலாவிட்டால் 'இல்லை' என்ற ஒரு சொல் போதும், காரணம் வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை பதில் இல்லையென்றால், சனிக்கிழமை நானே இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுகிறேன். மறுபடியும் உங்களைக் கேட்க மாட்டேன்.

என் பழைய செய்தியில் இல்லாதது அந்தக் கடைசி மூன்று வாக்கியங்கள்தான். முன்பு 'உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்' என்று எழுதியிருந்தேன். பணிவாகத் தோன்றும் அந்தச் சொற்கள் உண்மையில் மறுக்கும் வழியை அடைத்துவிடுகின்றன. அதற்கு 'முடியாது' என்று சொன்னால், 'ஆமாம், நீ எனக்குச் சிரமம்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் எவ்வளவு பேர் அதைச் சொல்வார்கள்? பேசாமல் இருந்துவிடுவார்கள். மறுக்க அவருக்கு நியாயமான காரணம் இருக்கலாம். அதே பணியிடத்துக்கு வேறொருவரை ஏற்கெனவே பரிந்துரைத்திருக்கலாம், அல்லது வேலை செய்து பார்க்காத ஆளைப் பரிந்துரைப்பதில்லை என்று வைத்திருக்கலாம். அதையெல்லாம் அவர் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கெடு வைப்பது மிரட்டல் ஆகாதா என்று நண்பன் கேட்டான். கெடுவுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தது அது. இங்கே நடப்பது என் வேலை, அவருடைய வேலை அல்ல. அவர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் நான் விண்ணப்பித்துவிடுவேன், அதனால் அவருடைய மௌனமும் ஒரு நாகரிகமான பதிலாகிவிடுகிறது. படி 1-இல் சொன்ன காரணத்தால் அந்தக் கெடு உண்மையானதும்கூட. நான் விண்ணப்பித்த பிறகு அவர் பரிந்துரைக்க முடியாமல் போகலாம். மூன்று, நான்கு நாள் அவகாசம் கொடுங்கள். அறிவிப்பு வந்து நாளாகியிருந்தால் இரண்டு நாள் போதும். சொன்னபடி சனிக்கிழமை விண்ணப்பித்தே ஆக வேண்டும். கெடு முடிந்து 'பார்த்தீர்களா மேடம்?' என்று கேட்டால், முன்பு எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும்.

'இல்லையென்றால் பத்து நிமிடம் போனில் பேசலாமா?' என்று மாற்று வழி சேர்க்கச் சிலர் சொல்வார்கள். நான் சேர்ப்பதில்லை. படிவம் நிரப்புவதைவிடப் பெரிய வேலை அது.

படி 4: 'சரி' என்று வந்தால்

முதல் செய்தியோடு ரெஸ்யூமேயை நான் இணைப்பதில்லை. கேட்கும் முன்பே கோப்பு வந்து விழுந்தால், ஒப்புக்கொண்டுவிட்ட மாதிரி ஒரு பாரம் அவர்மேல் ஏறும். ஆனால் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்து, 'சரி' வந்ததும் அனுப்பிவிடுங்கள். ரெஸ்யூமேயில் உள்ளபடி பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், வேலை எண், நோட்டீஸ் காலம், பிறகு அவர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய இரண்டு வரி அறிமுகம். இதற்கு வாட்ஸ்அப்பைவிட மின்னஞ்சலே மேல் என்பது என் கருத்து. ரெஃபரல் படிவம் பெரும்பாலும் அலுவலகக் கணினியில்தான் திறக்கும், பல அலுவலகங்களில் அந்தக் கணினியில் வாட்ஸ்அப் திறக்காது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அவரிடமே கேளுங்கள். கூகுள் டிரைவ் இணைப்பு வேண்டாம், அனுமதி கேட்டு நின்றுவிடும். பி.டி.எஃப். கோப்பாகவே இணையுங்கள்.

படிவத்தில் 'இவரை எப்படித் தெரியும்?' என்ற கேள்வி வரும். அங்கே அவரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். நான் எழுதிக் கொடுத்த வரி: 'முன்னாள் சக ஊழியரின் நண்பர். நான் இவருடன் வேலை செய்ததில்லை.' அந்த வரியைப் பார்த்த பிறகுதான் தனக்கு நிம்மதியாக இருந்தது என்று மேடம் பின்னர் சொன்னார்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு அதே வழியில் கேட்ட ஒரு வாசகிக்கு 'சரி' என்றே பதில் வந்தது. ஆனால் படிவம் ஏற்கவில்லை. எட்டு மாதம் முன்பு வேறொரு பணியிடத்துக்கு அதே நிறுவனத்தில் அவர் விண்ணப்பித்திருந்தார், அதை மறந்தும்விட்டார். பழைய விண்ணப்பத்தைக் குறிப்பிட்ட காலம்வரை கணக்கில் வைக்கும் நிறுவனங்கள் உண்டு, அந்தக் காலம் இடத்துக்கு இடம் மாறும். கேட்பதற்கு முன் உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பழைய விண்ணப்பம் இருந்தால், எந்த மாதம் என்று முதல் செய்தியிலேயே ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

இன்னொருவருக்குப் பரிந்துரை பதிவாகியும் அழைப்பு வரவில்லை. சில நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரைத்ததும் விண்ணப்பதாரருக்கு ஓர் இணைப்பு வரும், அதன் வழியாக அவரே விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். இவருக்கு வந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது, பார்ப்பதற்குள் இணைப்பு காலாவதியாகிவிட்டது. 'பதிவு செய்துவிட்டேன்' என்று பரிந்துரைத்தவர் சொன்ன அன்றே ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள்.