பழைய தொட்டி மண்ணைக் கொட்டிடாதீங்க: அக்னி நட்சத்திர வெயில்ல சுத்தம் பண்ணி ஆடிப்பட்டத்துக்கு ரெடி பண்றது எப்படி

தைப்பட்டத்துல வெச்ச தக்காளி, கத்திரி, வெண்டை எல்லாம் சித்திரை பிறக்குறதுக்குள்ள ஓஞ்சு போயிருக்கும். பை மண்ணு பாதியா இறங்கி, மேல வெள்ளையா உப்பு படிஞ்சு, தண்ணி ஊத்தினா ஓரமாவே ஓடி கீழ வந்துடும். இந்த மண்ணை என்ன பண்றதுன்னு கேக்குறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. நான் திருச்சியில மொட்டை மாடியில தோட்டம் வெச்சிருக்கேன், இங்க வெயிலுக்குப் பஞ்சமே இல்ல, அதனால ஒவ்வொரு கோடைக்கும் இதைத்தான் பண்றேன்.

கணக்கு சுலபமா இருக்க அஞ்சு பை வெச்சுக்குவோம். ஒவ்வொண்ணுலயும் சுமார் 20 லிட்டர் கலவை (செம்மண், கோகோபீட், மண்புழு உரம்), மொத்தம் 100 லிட்டர்.

முதல்ல வேரைப் பாருங்க

செடியைப் பிடுங்கினதும் தூக்கி எறியாம வேரைக் கழுவிப் பாருங்க. வேரே அங்கங்க தடிச்சு முண்டு முண்டா வீங்கியிருந்தா அது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, வெண்டையில ரொம்ப சகஜம். அவரை, தட்டப்பயறு வேர்லயும் உருண்டை இருக்கும், அதைப் பாத்து பயப்பட வேணாம், நகத்தால தட்டினா தனியா உதிர்ந்துடும், பிச்சுப் பாத்தா உள்ள இளஞ்சிவப்பா இருக்கும், அது தழைச்சத்து பிடிச்சுக் குடுக்குற நல்ல முடிச்சு. நூற்புழு முடிச்சு அப்படி தனியா கழண்டு வராது.

இன்னொண்ணு. இலை பச்சையா இருக்கும்போதே செடி திடீர்னு தொவண்டு செத்திருந்தா, தண்டோட அடிப்பகுதியில ரெண்டு மூணு இஞ்ச் வெட்டி, கண்ணாடி டம்ளர்ல நல்ல தண்ணி ஊத்தி, வெட்டின முனை மட்டும் தண்ணியில படுற மாதிரி பிடிங்க. கொஞ்ச நேரத்துல வெள்ளையா நூல் நூலா கசிஞ்சு கீழ இறங்கினா அது பாக்டீரியா வாடல். அந்தப் பை மண்ணை நான் இந்த முறைக்கு எடுக்கவே மாட்டேன். வெயில் போட்டா குறையும், ஆனா முழுசா போகும்னு மாடியில வெச்சு உறுதியா சொல்ல முடியாது. தக்காளி, கத்திரி, மிளகா எதுவும் வைக்கப் போறதில்லன்னு தெரிஞ்ச தென்னை மரத்தடியில கொட்டிடுங்க, மத்த பையோட கலக்காதீங்க. பூஞ்சை, நூற்புழு, களை விதை, புழு முட்டை, இதுக்கெல்லாம்தான் வெயில் வைத்தியம்.

உப்பைக் கழுவுறது

பையில இருக்கும்போதே இதை முடிச்சிடணும். பெரிய வேர், குச்சியை எடுத்துட்டு மண்ணை லேசா கிளறிவிட்டு, ஒரு பைக்கு மெதுவா 30, 40 லிட்டர் தண்ணி ஊத்துங்க. போர் தண்ணி உப்பா இருந்தா அதுல கழுவி என்ன பிரயோஜனம், குடிதண்ணியோ மழைத்தண்ணியோ இருந்தா நல்லது. கீழ வர்ற தண்ணி முதல்ல டீ கலர்ல வரும், போகப்போக தெளியும். அப்புறம் ஒரு நாள் ரெண்டு நாள் வடிய விடுங்க. கழுவுறதை ஏன் இப்பவே பண்ணணும்னா, அடுத்த வேலைக்கு மண்ணு ஈரமா இருக்கணும், ஒரே தண்ணியில ரெண்டு வேலையும் முடிஞ்சிடும்.

ஈரம். இங்கதான் நிறைய பேருக்கு சொதப்புது

"நல்லா காய வெச்சு வெயில்ல போட்டேன், ஒரு மாசம் கிடந்துச்சு, அப்புறமும் நாத்து அழுகுது"ன்னு வர்ற புகார்தான் அதிகம். காஞ்ச மண்ணு வெயில்ல கிடந்தா மேல ஒரு இஞ்ச்தான் சுடும், அடியில சூடு இறங்காது. அதுக்கும் மேல, காஞ்சு உறக்கத்துல இருக்குற பூஞ்சை விதையும் களை விதையும் சூட்டை நல்லாவே தாங்கும். ஈரம் பட்டு உசுரு வந்து, உப்பி, முளைக்கப் பாக்குற நேரத்துல அடிக்கிற சூடுதான் அதைக் கொல்லும். அரிசியை வெறும் சட்டியில போட்டா வேகுமா, தண்ணி ஊத்தினாத்தானே வேகும், அந்த மாதிரிதான்.

ஈரம் எவ்வளவுன்னா, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிங்க. உருண்டை நிக்கணும், விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா போதும். ஒழுகினா இன்னும் ஒரு நாள் வடியட்டும், ஏன்னா தண்ணி அதிகமா இருந்தா அந்தத் தண்ணியைச் சுட வைக்கவே வெயில் செலவாயிடும். உருண்டை பிடிக்காம உதிர்ந்தா தெளிச்சுக் கலக்குங்க.

ஷீட்டு

கண்ணாடி மாதிரி தெளிவான பாலிதீன் ஷீட் வாங்குங்க. கருப்பு வேணாம். கருப்பு ஷீட்டு வெயிலைத் தானே வாங்கிக்கிட்டு தான் சுடும், மண்ணுக்கு மிச்சம்தான் வரும். தெளிவான ஷீட்டு வெயிலை உள்ள விட்டு சூட்டை உள்ளயே பிடிச்சு வெச்சிடும். கடையில மைக்ரான்னு கேட்டா முழிப்பாங்க, கேஜ்னு கேளுங்க. 100 கேஜ்னா 25 மைக்ரான். எனக்குப் பிடிச்சது 200 கேஜ், காத்துக்குக் கிழியாது, சூடும் நல்லா இறங்கும். கனமா இருந்தா நல்லதுன்னு 500 கேஜ் வாங்கிட்டு வராதீங்க, காசும் அதிகம், வெயிலும் குறைச்சலா இறங்கும். மெத்தை, ஃப்ரிட்ஜ் சுத்தி வர்ற கவர் தெளிவா இருந்தா அதுவே போதும், பால் கலர்ல மங்கலா இருந்தா வேணாம்.

விரிச்சு மூடுறது

நாள் முழுக்க நிழல் விழாத இடமா பாருங்க, தண்ணித் தொட்டி நிழல் சாயங்காலம் எங்க விழுதுன்னு ஒரு தடவை நின்னு பாத்துட்டு ஆரம்பிங்க. அடியில ஏதாவது பழைய தார்ப்பாய், அதுமேல மண்ணை நாலு இஞ்ச் கனத்துக்கு விரிங்க, நம்ம 100 லிட்டருக்கு மூணேகால் அடிக்கு மூணேகால் அடி இடம் ஆகும். குவிச்சு வெக்காதீங்க, குவியலோட நடு வயித்துக்கு சூடு போய்ச் சேரவே சேராது. பையோட அப்படியே மூடி வெச்சா ஆகாதாங்குறதுக்கும் இதான் பதில்.

முதல் ஷீட்டை மண்ணை ஒட்டினாப்ல போட்டு, நாலு ஓரத்துலயும் செங்கல்லை இல்ல மணல் நிரப்பின பழைய துணிப்பையை இடைவெளி இல்லாம வரிசையா வைங்க. ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு காத்து போச்சுன்னா சூடும் போச்சு, ஈரமும் போச்சு. அதுக்கு மேல நாலு பிவிசி பைப் துண்டு வெச்சு ரெண்டாவது ஷீட்டு போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற காத்துதான் விஷயம், ஒத்தை ஷீட்டை விட சில டிகிரி கூடவே ஏறும்.

இந்த முறையை 1976ல இஸ்ரேல்ல ஜாகோவ் கட்டான் குழு வயலுக்குன்னு எழுதி வெச்சாங்க. வயல்ல தரையோட அடி ஆழம் குளிர்ச்சியாவே இருக்கும், அதனால வாரக்கணக்குல போட்டு வெக்கணும். நமக்கு நாலு இஞ்ச்தான், அந்த வகையில கொடுத்து வெச்சவங்க.

எத்தனை நாள்

மண்ணோட அடியில 60 டிகிரி ஒரு மணி நேரம் இல்ல 70 டிகிரி அரை மணி நேரம் நின்னா பெரும்பாலான கெட்டதெல்லாம் முடிஞ்சிடும். 45, 50 தான் வருதுன்னாலும் தினமும் சில மணி நேரம் வீதம் நாலுலருந்து ஆறு வாரம் கிடந்தா வேலை நடக்கும். சமையலுக்கு விக்கிற ஊசி வெச்ச தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, மத்தியானம் ரெண்டரை மூணு மணிக்கு ஷீட்டு ஓரத்தைத் தூக்கி அடி மண்ணுல குத்திப் பாருங்க. காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் 42ஓட நின்னுடும், அது உதவாது.

தெர்மாமீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு அடையாளம்: காலையில ஷீட்டோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருக்கணும். அது நின்னு போச்சுன்னா மண்ணு காயுதுன்னு அர்த்தம், சாயங்காலமா திறந்து தெளிச்சு மறுபடி மூடுங்க. வாரம் ஒரு தடவை மண்ணைப் புரட்டி ஓரத்துல இருக்குறதை நடுவுல தள்ளுங்க, ஓரம் எப்பவும் சூடு கம்மி. கை, கரண்டி சுத்தமா இருக்கட்டும்.

அக்னி நட்சத்திரம் மே 4லருந்து 28 வரைக்கும், அது உள்ள வர்ற மாதிரி ஏப்ரல் கடைசியிலயே மூடிட்டா ஜூன் முதல் வாரம் எடுத்துடலாம். கோடை மழை வந்தா ஷீட்டு மேல தண்ணி தேங்கும், விளக்குமாத்தால தள்ளிவிடுங்க. காக்கா கொத்தி ஓட்டை போட்டா செல்லோ டேப். ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு இது சரிப்படாது, ஐப்பசி கார்த்திகையில யாருக்குமே சரிப்படாது.

கோரைக்கிழங்கு மட்டும் இதுக்கும் அசராது. விரிக்கும்போதே கையால பொறுக்கி எடுத்துடணும்.

திரும்ப உசுரு குடுக்குறது

ஷீட்டை எடுத்ததும் உரம் எதுவும் போடாம நிழல்ல ரெண்டு மூணு நாள் ஆற விடுங்க. உயிர் உரம், மண்புழு உரம், டிரைகோடெர்மாங்குற நல்ல பூஞ்சை எல்லாம் இதுக்கு அப்புறம்தான். முன்னாடியே போட்டா அதையும் சேத்து வேக வெச்ச மாதிரி ஆயிடும். ஆனா ரொம்ப நாளும் சும்மா வெக்கக் கூடாது, காலியா கிடக்குற மண்ணுல முதல்ல வர்றவன்தான் குடியேறுவான், அது கெட்ட பூஞ்சையாவும் இருக்கலாம்.

அதனால ஷீட்டு எடுக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே 20 லிட்டர் மண்புழு உரத்துல டிரைகோடெர்மா விரிடி பவுடர் ரெண்டு கைப்பிடி கலந்து, ஈரமா, நிழல்ல சாக்கு போட்டு மூடி வெச்சிடுங்க. பாக்கெட்ல காலாவதி தேதி பாத்து வாங்குங்க, தேதி போனது வெறும் பவுடர்தான். வேரு, குச்சி போக நம்ம 100 லிட்டர் 80 லிட்டர் மாதிரி நிக்கும். அதுல இந்த 20 லிட்டர், கழுவின புது கோகோபீட் 10 லிட்டர், வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ. பழைய கோகோபீட் மக்கித் தூளாயிருக்கும், மண்ணு இறுகுறதே அதனாலதான், அதனால புதுசு கொஞ்சம் கட்டாயம் வேணும். பெர்லைட்லாம் எனக்குத் தேவையில்லாத செலவாத் தெரியுது, ரெண்டு மூணு லிட்டர் கருக்கின உமி போட்டா அதே பொலபொலப்பு வருது.

கலந்து லேசா ஈரமா வெச்சு ரெண்டு வாரம் விடுங்க. புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், உடனே நாத்து வெச்சா வேர் கருகும். அப்புறம் ஒரு சின்ன கப்புல இந்த மண்ணைப் போட்டு கொஞ்சம் வெந்தயம் தெளிச்சுப் பாருங்க. நாலஞ்சு நாள்ல எல்லாம் ஒரே மாதிரி பச்சையா எழுந்தா ரெடி. இலை ஓரம் கருகினா இன்னும் ஒரு வாரம். முளைச்சு தண்டு அடியில மெலிஞ்சு சாய்ஞ்சா எங்கயோ சூடு பத்தல, இல்ல கழுவாத பையிலருந்து திரும்ப வந்திருக்கு. மண்ணை மாத்துறதுக்கு முன்னாடி பையை உள்பக்கம் திருப்பி, ஒட்டின வேரைத் தேச்சுக் கழுவி வெயில்ல காய வெச்சீங்களான்னு பாருங்க.

பின்சேர்க்கை: நூற்புழு இருந்த மண்ணுல உடனே தக்காளி வைக்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் வைக்க மாட்டேன். முதல் பட்டத்துக்கு அந்த மண்ணுல செண்டுமல்லி போடுங்க, அதோட வேர் நூற்புழுவுக்கு ஆகாது, மிச்சம் மீதி இருக்குறதும் குறையும். பூ முடிஞ்சதும் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்க, கூடவே அதே பையில ஓரமா ஒரு வெண்டைச் செடி விட்டிருந்தா அதோட வேரையும் பாருங்க. வெண்டை வேர்ல முண்டு இல்லன்னா தைப்பட்டத்துக்குத் தக்காளி வைக்கலாம்.