கணக்கு மென்பொருள் தமிழாக்கத்தில் வேற்றுமை உருபைத் தவிர்க்கும் வழி

ரசீதுத் திரையில் பெயரும் தொகையும் பின்னர் வந்து அமரும் குறிக்கு அருகே ‘இடமிருந்து’ என்று எழுதினால், ‘முருகனிடமிருந்து’ என்று புணராமல் ‘முருகன் இடமிருந்து’ என்றே திரையில் தெரியும். ஆகவே உருபே தேவைப்படாதபடி வாக்கியத்தைத் தலைப்புகளாகப் பிரித்துவிடுவதே நல்லது.

```
Received %1$s from %2$s
செலுத்தியவர்: %2$s, வரவு: %1$s
```

இங்கே வரிசை மாறியும் பொருள் பிறழாததற்குக் காரணம் குறிகளுக்குள் இருக்கும் எண்களே. மூலத்தில் வெறும் `%s` இரண்டு இருந்தால், மொழிபெயர்ப்பில் இடம் மாற்றும்போது பெயரின் இடத்தில் தொகை வந்துவிடும் என்பதால், எண்ணிட்டுத் தருமாறு நிரலாளரிடம் முதலில் கேளுங்கள்.

தொகைக்குரிய காற்புள்ளியையும் ரூபாய்க் குறியையும் மொழிபெயர்ப்பில் தட்டச்சு செய்யாதீர்கள். `ta-IN` அமைப்பே 12,50,000.00 என்று காட்டும். ரசீதில் அப்படியும் அறிக்கையில் 1,250,000.00 என்றும் வந்தால், பிழை நிரலில் இருக்கிறது.

நீள வரம்பு எழுத்துகளிலா, பைட்டுகளிலா என்பதையும் கேட்டறியுங்கள். ‘நிலுவை’ கண்ணுக்கு மூன்றெழுத்துதான். யூனிகோடில் அது 6 குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் 18 பைட்டுகள். 16 பைட்டு வரம்புள்ள பொத்தானில் அதன் ஐகாரக் குறி உடைந்து, ‘நிலுவ’ என்றோ, பின்னால் ஒரு கேள்விக்குறியுடனோ நிற்கும்.